காவேரிப்பட்டணம் தாண்டினால் பஸ் ஏன் லேட் ஆகிறது? 22 நாள் எழுதிப் பார்த்த அனுபவம்

தினப்பயணி: தர்மபுரியில் வீடு, கிருஷ்ணகிரியில் வேலை. 7.40 பஸ் 8.55க்குப் போய்ச் சேர வேண்டும், சேராது. கடுப்பாகி 22 வேலை நாள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வந்த நேரத்தைப் போனில் குறித்தேன். ஒரு நாள் கணக்கு இது: கிளம்பும்போது 3 நிமிஷம் லேட், காரிமங்கலத்தில் 4, காவேரிப்பட்டணத்தில் 6, கிருஷ்ணகிரியில் 18. அந்த 18ஐ அப்படியே பார்த்தால் ஒன்றும் புரியாது, முந்தின ஸ்டாப்பின் லேட்டைக் கழித்தால்தான் எந்தத் துண்டு எவ்வளவு சேர்த்தது என்று தெரியும். 1, 2, 12. அப்போ கடைசித் துண்டில் ரோடுதானே பிரச்சினை?

காரிமங்கலம்காரன்: எங்க பக்கம் சந்தை நாளில் வந்து பாருங்க, அங்கேதான் லேட்டே. எல்லா நாளுக்கும் சராசரி போடுங்க, தெரிஞ்சுடும்.

தினப்பயணி: போட்டேன். காரிமங்கலம் வரைக்கும் மூன்றரை நிமிஷம் வந்தது. ஆனால் ஒரு நாள் டயர் பஞ்சராகி அங்கேயே 56 நிமிஷம் போச்சு, மீதி 21 நாளும் ஒரு நிமிஷம்தான். வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 1.

மாலதி அக்கா: ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்குப்பா?

பழைய டைம் கீப்பர்: தம்பி, வந்த நேரம் மட்டும் எழுதினால் ஸ்டாண்டில் நின்ற நேரமெல்லாம் அடுத்த ரோட்டின் தலையில்தான் விழும். கிளம்பின நேரத்தையும் எழுதிப் பாருங்க. இன்னொன்று, எந்த மணிக்கு எவ்வளவு லேட் என்று பிரிக்கும்போது, 7.40க்குக் கிளம்பினதால் முழு டிரிப்பையும் 7 மணிக் கணக்கில் போட்டுவிடாதீங்க. காவேரிப்பட்டணம் வருவதே எட்டரைக்கு, அந்தத் துண்டு 8 மணிக் கணக்கில்தான் வரணும்.

தினப்பயணி: அண்ணே, இன்னைக்கு எழுதினேன். காவேரிப்பட்டணத்துக்கு 8.36க்கு வந்து 8.47க்குத்தான் எடுத்தார்கள், 2 நிமிஷம் நிற்க வேண்டிய இடம். இன்னைக்கும் கடைசித் துண்டில் 12 சேர்ந்தது, அதில் 9 ஸ்டாண்டிலேயே போச்சு, ரோடு சேர்த்தது 3தான். நான் ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தேகால் பஸ்காரன்: எங்க பஸ் அங்கே நிற்கிறதே இல்லை, ஆள் ஏறினதும் எடுத்துடுவாங்க.

பழைய டைம் கீப்பர்: எட்டரைக்கு ஸ்கூல் பிள்ளைகள், ஆபீஸ் கூட்டம், ஏறவே நேரம் பிடிக்கும். முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி விடவும் நிறுத்துவார்கள். எதனால் என்று உங்க எழுத்தில் தெரியாது.

தினப்பயணி: அதுவும் ஒரு நாள் கணக்குதான், அண்ணே. நாளையிலிருந்து கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி ஆள் ஏறின நேரத்தையும் எழுதுகிறேன். ஆள் ஏறி முடித்த பிறகும் வண்டி நின்றால், அது கூட்டத்தால் இல்லை.

மாலதி அக்கா: யாராவது கடைசி பஸ்ஸைச் சொல்லுங்கப்பா.