குரூப் 4: கடைசி மாதத்தில் எதைக் கைவிட்டார்கள், எது கையைக் கடித்தது?

நூலகவாசி
எங்கள் நூலகத்தில் படிக்கும் ஒரு தங்கைக்குத் தேர்வுக்கு 30 நாள்தான் பாக்கி. வேலைக்கும் போவதால் நாளுக்கு மூன்று மணி நேரம். பாடத்திட்டத் தாளை விரித்து, திறனறிவுப் பகுதி முழுவதன் மேலும் சிவப்புப் பேனாவால் ஒரே கோடு! 25 கேள்வி, முப்பத்தேழரை மதிப்பெண் அங்கேயே போச்சு. மிச்சப்பட்ட நேரத்தில் டெல்லி சுல்தான்களை வரிசையாக மனப்பாடம் செய்கிறாள். உங்கள் கண்ணில் பட்டதையும் எழுதுங்கள்.

கணக்கு வாத்தியார்
கணக்கையே விடக் கூடாது. அதற்குள் சிலதை விடலாம். போன வருடம் ஒரு பையன் விழுக்காட்டை வெட்டிவிட்டு வட்டிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டான். 8000 ரூபாய், 5 சதவீதம், இரண்டு வருடம். கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? முதல் வருட வட்டி 400. அந்த 400-க்கு இன்னொரு 5 சதவீதம், அதாவது 20 ரூபாய். அவ்வளவுதான் விடை. பையன் 5 சதவீதத்திலேயே முட்டிக்கொண்டு நின்றான். ஒன்றை வெட்டுமுன் அதன் மேல் வேறெது உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். விழுக்காட்டை வெட்டினால் வட்டியும் விகிதமும் சேர்ந்து சாயும். பகடை, காட்சித் தருக்கம் தனியாக நிற்பவை. வராதவர் அவற்றை விட்டால் வேறெதுவும் ஆடாது.

எதை விடுவது என்பதற்குப் பழைய வினாத்தாள் மூன்று போதும். தலைப்புவாரியாகக் கேள்விகளை எண்ணி, அதைத் தேற்ற ஆகும் மணியை எதிரே எழுதுங்கள். எட்டு மணி நேரம் தின்று ஒரு கேள்வி தருவதுதான் முதலில் போக வேண்டியது.

மதுரைக்காரன்
தமிழில் 150-க்கு 60 எடுத்தால் தகுதி. 40 கேள்வி தேறும் அளவுக்குப் படித்துவிட்டு மீதியை விடச் சொல்லுங்கள்.

நூலகவாசி
60 வாசற்படிதான் அண்ணே. அதற்குக் கீழே போனால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அது சரி. ஆனால் தரவரிசைக்குத் தமிழ் மதிப்பெண்ணும் சேரும். 100 கேள்வி இருக்கிற இடத்திலா வெட்டுவது?

இரு பிள்ளைகளின் அம்மா
என் பையன் நீட்டுக்குப் படிக்கிறான். விட்ட பாடத்தில் கேள்வி வந்தால் தொடவே கூடாது, தப்பானால் ஒரு மார்க் போகும் என்கிறான். உங்கள் தங்கையிடமும் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்
இது நீட் இல்லை அம்மா. இங்கே தவறான விடைக்குக் கழிவு கிடையாது. விட்ட பாடத்துக் கேள்வியிலும் பொருந்தாத இரண்டை நீக்கிவிட்டு A முதல் D-க்குள் ஒன்றை நிரப்பலாம். E என்றால் 'விடை தெரியவில்லை'. அதில் மதிப்பெண் வராது. வட்டத்தைக் காலியாக மட்டும் விடக் கூடாது.

மதுரைக்காரன்
சரி, நடப்பு நிகழ்வுகள்? ஒரு வருடத்துக் குவியலை 30 நாளில் யார் படிப்பது? நான் முழுசாக வெட்டச் சொல்வேன்.

நூலகவாசி
அரசியலமைப்பு, தமிழக நலத்திட்டக் கேள்விகளோடு அது பின்னிக்கொண்டு வருகிறதே. தங்கை இன்னும் அதில் கோடு போடவில்லை.