புதுப்பிப்பு: போர்ட் பண்ண நம்பருக்கு ரீசார்ஜ்

"அம்மா நம்பரை போர்ட் பண்ணியாச்சு, ஆப்ல இன்னும் பழைய கம்பெனி பிளான்தான் வருது, என்ன பண்ண?"ன்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன்.

பதில் சொன்னவங்கள்ல, வேளச்சேரில மொபைல் கடை வச்சிருக்க அண்ணன் சொன்னதுதான் சரி. ஆப், நம்பரோட முதல் சில டிஜிட்ட வச்சு கம்பெனியும் சர்க்கிளும் யூகிக்குது, போர்ட் ஆன விவரம் அதுக்கு வந்து சேரலன்னா பழசையே காட்டும், கம்பெனி பேரைத் தட்டி மாத்தினதும் பிளான் லிஸ்ட்டே மாறிடுச்சு. "தப்பா போட்டா காசு போச்சு"ன்னு ஒருத்தர் பயமுறுத்தினாரே, அது பாதிதான் சரி, நம்பர் அந்த கம்பெனில இல்லன்னா பெரும்பாலும் ரிஜெக்ட் ஆகி ரீஃபண்ட் வந்துரும். ஆனா யுபிஐல காசு போறது வேற, நம்பர்ல பிளான் ஏறுறது வேற. நடுவுல பென்டிங்னு நின்னா திரும்ப போடாதீங்க, ரெண்டும் ஏறிடலாம். ஏறிடுச்சுன்னா ஆபரேட்டர் ரெஃபரன்ஸ் நம்பர் வரும், கஸ்டமர் கேர்ல அதான் பேசும். ஆப் தானா எப்போ மாறும்னு மட்டும் யாருக்கும் தெரியல.