தீபாவளி கூப்பன்: சதவீதமா, நேரடித் தொகையா?

சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை WooCommerce-இல் விற்கிறோம். தீபாவளிக்கு DIWALI20 என்று 20% கூப்பன் கோடு போட்டதில்தான் சிக்கல். 1,200 ரூபாய்ச் சேலையை ஏற்கெனவே 1,000 ஆகக் குறைத்திருந்தோம். கோடும் சேர்ந்து 800-க்கு இறங்குகிறது. அடக்கவிலை 780, கூரியர் 80. ஒவ்வொரு சேலைக்கும் 60 ரூபாய் கைநஷ்டம்.

Exclude sale items-ஐ டிக் செய்தோம். நஷ்டம் நின்றது. ஆனால் பேனரில் "20% தள்ளுபடி" என்று பெரிதாகப் பார்த்து வருபவர்கள், கோடு ஏற்காததும் கூடையை அப்படியே விட்டுப் போகிறார்கள். "விலை குறைத்த சேலைகளுக்குப் பொருந்தாது" என்று பேனரின் அடியில் சேர்த்தோம். போனில் அந்த வரி எறும்பு மாதிரித் தெரிகிறது. Minimum spend 1,500 வைத்தும் பார்த்தோம். விலை குறைத்த சேலை இரண்டை எடுத்தாலே அதைத் தாண்டிவிடுகிறார்கள், அப்புறம் அதே கேள்விதான் வாட்ஸ்அப்பில் வருகிறது. வாடிக்கையாளர்களைக் குறை சொல்ல முடியாது, பேனர் அப்படித்தான் பேசுகிறது.

இப்போது யோசிப்பது: 20%-ஐ எடுத்துவிட்டு, "1,500-க்கு மேல் வாங்கினால் 150 குறைவு, எல்லாச் சேலைக்கும்". விலை குறைத்த சேலை இரண்டு ஒரே பார்சலில் போனாலும் கூரியர் போக 210 நிற்கும்.

சேலை விற்பவர்கள் சொல்லுங்கள்: சதவீதத்திலிருந்து இப்படி நேரடித் தொகைக்கு மாறியபோது உங்களுக்கு ஆர்டர் குறைந்ததா?