அரைநாளும் மேலதிக மணியும் ஒரே கட்டத்தில் எழுதப்பட்ட கிழமை

ஹட்டனிலிருந்து, வரவுக் கொப்பி எழுதியவர்

ஹட்டனுக்கு அருகே தாங்குமதிலும் அதன்மேல் இரண்டு கடையறைகளும் கட்டிய ஒரு சிறு வேலைத்தளத்தில் நான் வரவுக் கொப்பி எழுதினேன். இரண்டு மேசன் பாஸ்மார், நான்கு கையாட்கள். சம்பளம் சனிக்கிழமை மாலையில் கொடுக்கப்படும். ஒரு சனிக்கிழமை, கையாளாக இருந்த ஓர் அண்ணன் காசை எண்ணிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சீமெந்துப் பையின் தாள் துண்டொன்றை எடுத்து என் கொப்பியின்மேல் விரித்து வைத்தார். அதில் பென்சிலால் ஐந்து நெடுங்கோடுகளும் ஒரு குறுங்கோடும் இருந்தன. இரண்டு நெடுங்கோடுகளுக்குக் கீழே இரண்டிரண்டு புள்ளிகள் இருந்தன. "தம்பி, இந்தப் புள்ளிகள் உங்கள் கொப்பியில் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய நாட்கூலி 2,800 ரூபாய். செவ்வாயும் வெள்ளியும் கொங்கிரீட் போட்டதால் இரவு ஏழு மணிவரை நின்றார். புதன்கிழமை மழையால் மதியத்துடன் வேலை நின்றது. நான் கூடுதல் நான்கு மணியை அரைநாளாக எடுத்து, புதன்கிழமைக் கட்டத்திலிருந்த ½ என்பதை அழித்து 1 என்று எழுதி, ஆறு நாளுக்கு 16,800 ரூபாய் கொடுத்திருந்தேன். முறைப்படி ஐந்தரை நாளுக்கு 15,400. ஒரு மணிக்கூலி 350 என்பதால், அதன் ஒன்றரை மடங்கான 525 ரூபாய்ப்படி நான்கு மணிக்கு 2,100. ஆகமொத்தம் 17,500. அவருக்கு 700 ரூபாய் குறைந்திருந்தது. யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை; கூட்டுவதற்கு இலகுவாக இருக்கும் என்றே அப்படி எழுதினேன். ஆனால் அதற்கு முந்திய மூன்று கிழமைகளும் அப்படியேதான் எழுதியிருந்தேன்.

பண்டாரவளை, கொந்தராத்து வேலை செய்பவர்

நீங்கள் குற்றவுணர்வு கொள்ளுமளவுக்கு இதில் எதுவும் இல்லை. ஐந்தரை நாள் என்பது 44 மணி. அதனுடன் நான்கைக் கூட்டினால் 48 மணி. ஆறு நாள் வேலையும் அதே 48 மணிதான். அவர் கிழமைக்குரிய வேலையைச் செய்தார், கிழமைக்குரிய கூலியைப் பெற்றார். என்னிடமும் ஒருவர் இப்படிக் கேட்டபோது, மழைக்காக ஒதுங்கி நின்ற நேரத்தையும் எழுதலாமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேசாமல் போய்விட்டார். வேலைக்கு எடுக்கும்போதே மேலதிக நேரம் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. பேசாமல் விட்டுவிட்டுச் சனிக்கிழமை தாளை விரிப்பது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

நுவரெலியா, ஓய்வுபெற்ற வேலைத்தள எழுதுவினைஞர்

முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பதில் பண்டாரவளை நண்பருடன் உடன்படுகிறேன். 48 மணிக் கணக்கில் உடன்பட முடியாது. அந்த மனிதர் செவ்வாய் இரவு ஏழு மணிவரை நின்றபோது புதன்கிழமை மழை இன்னும் பெய்யவே இல்லை. புதன்கிழமை இழந்த அரைநாளுக்கு அவருடைய கூலி ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது. பிறகு அதே இழப்பைக் காட்டி மேலதிக மணியின் பெறுமதியையும் குறைத்தால், ஒரே மழைக்கு அவர் இரண்டு முறை கொடுக்கிறார். கட்டட வேலைக்குரிய சம்பளச் சபையின் ஒன்றரை மடங்கு விதியும், அன்றைய வேலைநேரம் முடிந்தபின் செய்த மணிக்கே உரியது.

என் அனுபவம் இது. ஒரு கிழமை நாட்களைக் குறுக்கே கூட்டினால் 34 வந்தது, ஒவ்வொரு நாளின் கீழும் எழுதியிருந்த அடிக்கூட்டுகளைக் கூட்டினால் 33½ வந்தது. கூட்டலில் பிழை என்று எண்ணி மூன்று முறை கூட்டினேன். பிறகு கொப்பியை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, வியாழக்கிழமைக் கட்டமொன்றில் ½ இன்மேல் வேறு மையால் 1 எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. அது அகப்பட்டதற்கு ஒரே காரணம், அந்தந்த நாளின் அடிக்கூட்டை அன்று மாலையே மையால் எழுதும் என் வழக்கம். கட்டத்தைத் திருத்தியவர் அடிக்கூட்டைத் திருத்தவில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வரிகள் விடுவேன்: மேல்வரியில் நாள், கீழ்வரியில் மேலதிக மணி. இரண்டையும் ஒருபோதும் கூட்டமாட்டேன். காசாக மாற்றிய பிறகே அவை சேரும். பிழை வந்தால் அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, கூலிபெறுபவரின் கையொப்பத்தையும் வாங்குவேன். ஆயினும் அன்று மாலையே தவறாக எழுதப்பட்டதை எந்த அடிக்கூட்டும் காட்டாது. அதற்குத் தொழிலாளியின் சீமெந்துத் தாள்தான் வேண்டும்.

தலவாக்கலை, தோட்டத்தில் வளர்ந்தவர்

அரைநாள் என்றதும் என் அம்மாதான் நினைவுக்கு வந்தார். அன்றைக்குக் கொழுந்து இரண்டு கிலோ குறைந்ததற்காக, காலைப் பெரட்டு முதல் மாலை வரை மலையில் நின்ற அவருக்குச் செக்ரோலில் அரைப்பேர் போட்டார்கள். ஈரக் கொழுந்துக்காகவும் நிறையில் கழித்தார்கள். அதைக் கேட்கப்போன அம்மா தராசடியில் சாக்கைப் பிடித்தபடி நின்ற தோற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் வேலைத்தளத்திலும் இத்தனை கல் அடுக்கினால்தான் முழுப்பேர் என்று வைத்திருந்தீர்களா?

நுவரெலியா, ஓய்வுபெற்ற வேலைத்தள எழுதுவினைஞர்

தங்கச்சி, தோட்டத்து அரைப்பேர் நிறையைப் பார்ப்பது. இங்கே பேசப்படும் அரைநாள் நேரத்தைப் பார்ப்பது. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று இங்கும் பொருந்தும். தோட்டத்திலிருந்து கட்டட வேலைக்கு வருபவர்கள் அரைப்பேரை ஒரு தண்டனையாகவே அறிந்திருக்கிறார்கள். அதனால் கொப்பியில் ½ என்று கண்டாலும் ஏனென்று கேட்கத் தயங்குகிறார்கள்.

மஸ்கெலியா, கணக்கியல் படித்தவர்

என் மாமாவின் வேலைத்தளத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் நான் சம்பளம் கொடுத்தேன். முற்பணத்தைக் கழிக்க மறந்து அன்றே பிடிபட்டேன். சொல்ல விரும்புவது வேறொன்று. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாட்கூலிக்காரர்களுக்கும் உரியது. தொழிலாளியிடமிருந்து 8 சதவீதமும் வேலைகொடுப்பவரிடமிருந்து 12 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். அந்தக் கணக்கில் மேலதிக நேரக் கூலி சேராது. எனவே அந்த அண்ணனின் 8 சதவீதத்தை 15,400 ரூபாய்க்குத்தான் பார்க்க வேண்டும். அது 1,232 ரூபாய். உங்கள் கொப்பியில் இருந்த 16,800 ஐ வைத்துப் பார்த்தால் 1,344 ரூபாய் வரும். அதாவது மேலதிக மணியை நாளாக்கினால் கையில் கிடைப்பது குறைவதோடு, கழிவதும் கூடும். ஆகவே கொப்பியின் வலப்பக்கத்தில் நாட்கூலி, மேலதிகக் கூலி, முற்பணம், நிதிக் கழிவு, கையில் கொடுத்தது என ஐந்து நிரல்களையும் தனித்தனியே வையுங்கள்.

பண்டாரவளை, கொந்தராத்து வேலை செய்பவர்

ஆறு பேரைக் கொண்டு மூன்று மாதம் நடக்கும் வேலையில் இவ்வளவையும் யார் எழுதுவது? இரண்டு வரி விடும் முறையை மட்டும் நானும் எடுத்துக்கொள்கிறேன். மழை மணியைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஹட்டனிலிருந்து, வரவுக் கொப்பி எழுதியவர்

தலவாக்கலைச் சகோதரிக்கு: இல்லை, நாங்கள் கல்லை எண்ணவில்லை. அந்த அண்ணனுக்கு 700 ரூபாயை அன்றே கொடுத்தோம். முந்திய மூன்று கிழமைகளின் தாள்களையும் அவர் மடித்து வைத்திருந்ததால், அவற்றுக்குரியதையும் பார்த்துக் கொடுக்க முடிந்தது. மற்றக் கையாட்களில் இருவர் அந்தக் கிழமைகளின் கொங்கிரீட் நாட்களில் நின்றவர்கள், ஆனால் அவர்களிடம் தாள் இல்லை. என் கொப்பியிலோ நான் அழித்த கட்டங்கள்தான் இருக்கின்றன. கலவை இயந்திரம் வாடகைக்கு எடுத்த சிட்டைகளில் திருப்பிக் கொடுத்த நேரம் எழுதியிருப்பதைப் பிறகு கண்டேன். அவற்றைக் கொண்டு இரண்டு நாட்களின் மணியை எடுத்துவிட்டேன். மூன்றாவது நாளில் கையால் கலந்தோம், அதற்குச் சிட்டை இல்லை. அன்று எத்தனை மணிக்கு முடித்தோம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொல்கிறார்கள்.