ஆர்டர் விகிதம் 1.8-இலிருந்து 1.1 ஆனது: விளம்பரத்தை நிறுத்தாமல் முதலில் எதைச் சரிசெய்தோம்

சென்னிமலைப் போர்வை:
கைத்தறிப் போர்வைகளை இணையக் கடையில் விற்கிறோம். சமூக ஊடக விளம்பரம் தொடங்கியதும் கடைக்கு வருவோர் 5,000-இலிருந்து 10,000 ஆனார்கள். ஆர்டர்களோ 90-இலிருந்து 112 மட்டுமே ஆயின. விகிதம் 1.8-இலிருந்து 1.1 சதவீதமாக இறங்கியது. முகப்புப் பக்கத்தை மாற்றலாம் என்றார் மகன், விலையைக் குறைக்கலாம் என்றார் பங்காளி.

எதையும் தொடுமுன் அந்த 10,000 பேரையும் வந்த வழிப்படி பிரித்தேன். கூகுள் தேடல் வழியாகவும் நேராகவும் வந்த 5,000 பேர் 88 ஆர்டர் கொடுத்திருந்தார்கள், அதாவது கிட்டத்தட்ட பழைய அளவு. விளம்பரம் வழியாக வந்த 5,000 பேரிடமிருந்து 24 ஆர்டர்தான். ஆக, கடை கெடவில்லை. குறைவாக வாங்கும் கூட்டம் ஒன்று புதிதாகச் சேர்ந்ததால் சராசரி இறங்கியிருக்கிறது.

கரூர் மேசைவிரிப்பு:
அப்படியானால் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள், அண்ணா. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வாங்க மாட்டார்கள். கூடையில் போட்டுவிட்டுப் போவதும் எல்லாக் கடைகளிலும் நடப்பதுதான். இணையக் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனம் தொகுத்த ஆய்வுகளின் சராசரியே ஏறத்தாழ 70 சதவீதம்.

சென்னிமலைப் போர்வை:
நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் படிப்படியாகப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. தேடலில் வந்தவர்களில் 360 பேர் கூடையில் போட்டார்கள், 180 பேர் முகவரிப் பக்கம் வரை வந்தார்கள், 88 பேர் பணம் கட்டினார்கள். விளம்பரத்தில் வந்தவர்களில் 310 பேர் கூடையில் போட்டார்கள், 150 பேர் முகவரிப் பக்கத்துக்கு வந்தார்கள், பணம் கட்டியவர்கள் 24 பேர்.

முகவரி எழுதுகிறவரை இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர் வீட்டு எண்ணும் பின்கோடும் எழுத மாட்டார். கசிவு கடைசிப் படியில் இருந்தது.

கோவைத் தரவுப் பணியாளர்:
சரியான இடத்தில் நின்றிருக்கிறீர்கள். கரூர் நண்பர் சொன்ன சராசரி உண்மைதான், ஆனால் விலை பார்க்கவும் பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கவும் கூடையில் போடுகிறவர்களும் அதில் அடக்கம். அந்தப் பகுதியை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. முகவரி எழுதிவிட்டு விலகுகிறவர்கள் வேறு. அங்கே ஒரு வழியில் வந்தவர்கள் மட்டும் விழுந்தால், அடுத்து உலாவியைப் பாருங்கள். கூகுள் அனலிட்டிக்ஸில் `Browser` என்ற பிரிவில் `Android Webview` என்று வந்தால், அவர்கள் குரோமில் இல்லை, செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவியில் இருக்கிறார்கள்.

சென்னிமலைப் போர்வை:
அதேதான்! விளம்பரக் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்த வரிசையில் இருந்தார்கள். என் கைப்பேசியில் விளம்பரத்தைத் தொட்டு நானே ஒரு போர்வை வாங்கிப் பார்த்தேன். யுபிஐ பொத்தானை அழுத்தினேன், பணம் கட்டும் செயலி திறக்கவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. அதே பக்கம் குரோமில் ஒழுங்காக வேலை செய்தது.

விருதுநகர் சேவுக்கடை:
எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் அறிக்கையில் அதிக விற்பனை தருவதாக வருவது பணம் கட்டும் தளம்தான். அவர்களிடமே விளம்பரம் கொடுக்கலாமா?

கோவைத் தரவுப் பணியாளர்:
வேண்டாம் அக்கா. பணம் கட்ட அங்கே போன உங்கள் வாடிக்கையாளர்தான் திரும்பி வருகிறார். அவர் அங்கிருந்து புதிதாக வந்ததாக அறிக்கை எண்ணிக்கொள்கிறது. அனலிட்டிக்ஸ் அமைப்புகளில் `List unwanted referrals` என்ற இடத்தில் அந்தத் தளத்தின் முகவரியைச் சேருங்கள். இனி வரும் விற்பனை உண்மையான வழியின் கணக்கில் சேரும், பழைய கணக்கு மாறாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்புகளின் முடிவிலும், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் `utm_source` குறியைப் போடுங்கள். இல்லாவிட்டால் அவற்றில் பல "நேரடி" என்ற தலைப்பில் போய் ஒளிந்துகொள்ளும்.

கரூர் மேசைவிரிப்பு:
சரி, பிறகு என்ன செய்தீர்கள் அண்ணா? நான் விளம்பரத்தை நிறுத்தியே விட்டேன். இப்போது யோசனையாக இருக்கிறது.

சென்னிமலைப் போர்வை:
செயலிக்குள் திறந்தவர்களுக்கு மட்டும், பணம் கட்டுவதற்கு முன்பே "குரோமில் திறக்கவும்" என்ற குறிப்பைக் காட்டினோம். பொருள் வந்தபின் பணம் தரும் வசதியையும் சேர்த்தோம். முகப்பையும் விலையையும் தொடவில்லை. அடுத்த மாதம் விளம்பர வழியில் முகவரி வரை வந்த 140 பேரில் 61 பேர் வாங்கினார்கள்.

ஆனால் அதில் 33 பேர் பொருள் வந்தபின் பணம் தருவதாகச் சொன்னவர்கள். அந்தப் பொட்டலங்களில் 8 திரும்பிவிட்டன, போக வர அனுப்புச்செலவு எங்கள் தலையில். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்கவும் முடியவில்லை.

கோவைத் தரவுப் பணியாளர்:
இந்த எண்ணிக்கையில் ஒரு மாதத்தை வைத்து முடிவு சொல்ல நான் துணிய மாட்டேன். அந்த வசதியை ஒரு மாதம் நிறுத்திவிட்டுக் குறிப்பை மட்டும் வைத்துப் பாருங்கள்.

விருதுநகர் சேவுக்கடை:
தீபாவளி மாதத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். அந்த மாதத்துக் கணக்கு எதனோடும் ஒட்டாது.