ஏகாதசி, சஷ்டி, மண்டலம், ரமலான்: ஒரு வருஷம் போன பிறகு தராசு என்ன சொன்னது?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
மாசம் ரெண்டு ஏகாதசி, ஒரு சஷ்டி. கல்யாணம் ஆன நாளிலிருந்து விடாமல் இருக்கிறேன். எங்கள் தெருவில் என்னைப் போல விரதம் இருக்கிற பெண்கள் ஏழெட்டு பேர் உண்டு, அதில் ஒருத்தியும் ஒல்லி கிடையாது, நானும்தான். பக்தியை விட்டுவிடுங்கள், அது வேற கணக்கு. உடம்பு எடையை மட்டும் கேட்கிறேன். ஒரு முழு வருஷம் எடை பார்த்து எழுதி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மறுநாள் காலையில் குறைந்தது என்று சொல்லாதீர்கள், அது எனக்கும் குறைகிறது.

சித்தூர் அண்ணன்:
எனக்கு ஒவ்வொரு ஏகாதசிக்கும் ஒன்றே கால் கிலோ, சில சமயம் ஒன்றரை கிலோ குறைகிறது. துவாதசி காலையில் ஏறி நின்று பார்ப்பேன். வயிறு ஓய்வெடுக்கும்போது உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும், அதுதான் காரணம். முன்னோர்கள் சும்மா வைக்கவில்லை.

வேலந்தாவளம் டீச்சர்:
அண்ணா, கொழுப்பு எரிகிறது என்பது பாதி சரி. ஆனால் ஒரே நாளில் ஒன்றரை கிலோ கொழுப்பு போகவே போகாது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி. நீங்கள் ஒரு நாள் முழுக்க எரிப்பதே 2000 பக்கம்தான் இருக்கும். தண்ணீர்கூட குடிக்காமல் இருந்தாலும் கால் கிலோவுக்கு மேல் கொழுப்பு போக வழியில்லை.

மீதி எங்கே போனது என்றால், பெரும்பாலும் தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றால் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். உப்பும் குறைவாகச் சாப்பிடுகிறீர்கள், குடலும் காலியாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒன்றரை கிலோ வந்துவிடும். திரயோதசி, சதுர்த்தசி காலையிலும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

(நான் டீச்சர் இல்லை, ஆஸ்பத்திரி உணவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் வீட்டுக்காரருடையது, ஊரில் அப்படியே ஒட்டிக்கொண்டது.)

சித்தூர் அண்ணன்:
சதுர்த்தசியில் பார்த்ததில்லை. பார்க்கிறேன். ஆனாலும் கொஞ்சமாவது நிற்குமே?

வேலந்தாவளம் டீச்சர்:
நிற்குமா நிற்காதா என்பதை ஏகாதசி அன்று என்ன சாப்பிட்டீர்கள், துவாதசி அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ரெண்டு நாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். என் நாத்தனார் கணக்கைத் தருகிறேன். அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்து, பாத்ரூம் போய்விட்டு, வெறும் வயிற்றில் ஒரே தராசில் எடை பார்த்து காலண்டரில் எழுதுவாள். ஏகாதசியை ஒட்டி வருகிற ஞாயிறை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் வருஷம் தை மாசம் 71.4 கிலோ. அடுத்த தை 71.9. ஒரு ஏகாதசிகூட விடவில்லை, இருந்தும் அரைக் கிலோ கூடியிருக்கிறது.

அவள் வீட்டு ஏகாதசியைக் கேளுங்கள். சோறு கிடையாது, அது சுத்தமாக உண்மை. காலையில் காப்பி, நடுப்பகலில் ஒரு காப்பி, சாயங்காலம் ஒன்று: 225. மதியம் கோதுமை ரவை உப்புமா, எண்ணெய் தாராளமாக: 450. நேந்திரம் பழம் ரெண்டு: 360. நாலு மணிக்கு நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கைப்பிடி, அது 50 கிராம் வரும்: 270. ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா: 500. மொத்தம் 1800. அவளுடைய சாதாரண நாள் 1900. அதாவது விரத நாளில் குறைந்தது நூறு கலோரி.

துவாதசி வருகிறது. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி எல்லாம் நல்லதுதான். கூடவே ஒரு டம்ளர் பாயசம், அப்பளம், "நேத்திக்கு பட்டினி" என்று இன்னொரு கரண்டி சோறு. சாதாரண நாளைவிட 300 கூடுதல். ரெண்டு நாளும் சேர்த்தால் 200 லாபம், உடம்புக்குத்தான் லாபம். வருஷத்துக்கு 24 ஏகாதசி என்றால் 4800.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
சிப்ஸ் எங்கள் வீட்டிலும் உண்டு. அரிசி இல்லையே என்று நானும் கணக்கில் வைத்ததில்லை.

மீனாட்சிபுரம் ஆட்டோ:
என்னுடையது மண்டல விரதம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை, 41 நாள். மலையிறங்கி வரும்போது மூன்று கிலோ குறைந்திருக்கும். எல்லா வருஷமும் ஏறக்குறைய இதேதான். பங்குனிக்குள் திரும்பி வந்துவிடும். ஆனால் சாமி, நான் மாலை போட்ட காலத்தில் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி உப்புமா, வயிறு நிறைய. பட்டினி எங்கே? எப்படிக் குறைகிறது?

வேலந்தாவளம் டீச்சர்:
மாலை போடாத காலத்தில் ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் தம்பி?

மீனாட்சிபுரம் ஆட்டோ:
வாரத்துக்கு நாலு நாள் ஒரு குவார்ட்டர். அதுக்குத் தொட்டுக்க பீஃப் ஃப்ரை. அப்புறம் வீட்டுக்கு வந்து பொராட்டா. இதை என் வீட்டம்மா படிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

வேலந்தாவளம் டீச்சர்:
அதுதான் பதில். 180 மில்லி பிராந்தியில் சாராயத்தால் மட்டும் 420 கலோரி பக்கம் வரும். வறுவல் ஒரு 400 வைத்துக்கொள்ளுங்கள். வாரம் நாலு தடவை, ஆறு வாரம்: 24 ராத்திரி, கிட்டத்தட்ட இருபதாயிரம் கலோரி. ரெண்டரை கிலோ கொழுப்புக்குச் சமம். விரதத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட எது நின்றது என்பதுதான் உங்களுக்கு எடையைக் குறைத்தது. மாலை கழற்றிய பிறகு அதே 24 ராத்திரி திரும்ப வந்தால் எடையும் திரும்ப வரும்.

புதுநகரம் பாய்:
எங்கள் பக்கமும் சொல்கிறேன். ரமலானில் முதல் பத்து நாளில் நன்றாகக் குறையும். பெருநாள் வரும்போது எனக்கு ஒரு கிலோ, மகனுக்கு ஒன்றரை. பெருநாள் பிரியாணி, விருந்து, ஒரு மாசம் போனால் பழைய எடை. நோன்புக் கஞ்சி மட்டும் குடித்தால் நிற்குமோ என்னவோ. யார் கஞ்சியோடு நிறுத்துகிறார்கள்? வடை, சமோசா, சர்பத், அப்புறம் சஹருக்கு எழுந்து சோறு.

ஒரு விஷயம், எடை பார்க்கும்போது எங்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்து, பதினோரு நாள் முன்னால் வரும். ஜனவரிக்கு ஜனவரி ஒப்பிட்டால் ஒரு தடவை நோன்புக்கு ரொம்ப முன்னால், இன்னொரு தடவை பக்கத்தில் என்று விழும். நான் ரமலானுக்கு முந்தின மாசமான ஷஃபான் கடைசி வாரத்தில்தான் எழுதுவேன், அடுத்த வருஷமும் ஷஃபான் கடைசி வாரத்தில். ஐந்து வருஷமாக ஒரே எடைதான் நிற்கிறது.

வேலந்தாவளம் டீச்சர்:
பாய், பல நாடுகளில் அளந்து பார்த்ததிலும் உங்கள் கணக்குதான் வருகிறது: மாச முடிவில் ஒரு கிலோ பக்கம் குறைவு, சில வாரத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஷஃபானில் எழுதுவது நல்ல யோசனை.

நல்லேப்பிள்ளி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். சஷ்டி அன்று மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு பதினொரு மணி வரை ஒன்றும் சாப்பிடவில்லை. வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. மெஷினில் 54. எந்த விரதம் சர்க்கரைக்கு நல்லது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

வேலந்தாவளம் டீச்சர்:
இங்கே எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிடாத நாளில் அதை அப்படியே போடக்கூடாது. விரத நாளில் எவ்வளவு, எப்போது என்று மருந்து எழுதித் தந்த டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். 70க்குக் கீழே போனால் அது விரதம் முடிந்த நேரம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள். பேச்சு குழறி, விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
டீச்சர், நாத்தனார் ரெண்டாம் வருஷம் என்ன செய்தாள் என்று சொல்லவில்லையே.

வேலந்தாவளம் டீச்சர்:
ஏகாதசி எண்ணிக்கையைக் கூட்டவில்லை. உப்புமா, சிப்ஸ், சப்பாத்தி மூன்றையும் எடுத்தாள். மூன்று காப்பி, ரெண்டு நேந்திரம் பழம், ராத்திரி பாலில் காய்ச்சிய கூவைக் கஞ்சி ஒரு டம்ளர். மொத்தம் 800க்குள். துவாதசிக்குப் பாரணை சாதாரண சாப்பாடு, பாயசத்தை சாமிக்கு வைத்துவிட்டு பேரன்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு ஏகாதசிக்கும் 1100 மிச்சம்.

24ஆல் பெருக்கி 7700ஆல் வகுத்தால் 3.4 கிலோ வரும். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். தை மாசம் தராசு 70.3 காட்டியது. 1.6 கிலோதான் குறைவு. "பாதி எங்கே?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

அந்த வகுத்தல் கணக்கு வருஷக் கணக்குக்கு ஒத்துவராது. எடை குறையக் குறைய உடம்பு எரிப்பதும் குறைந்துகொண்டே வரும். இதை அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 2011ல் லான்செட் இதழில் விளக்கியது: தினசரி சராசரியில் 24 கலோரி குறைந்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும், ஆனால் முதல் வருஷத்தில் அதில் பாதிதான் தெரியும். அவளுக்குத் தினசரி சராசரி 72 கலோரி. மூன்று கிலோ, முதல் வருஷம் ஒன்றரை. கிட்டத்தட்ட அதுவே வந்தது. நடுவில் ஆடி மாசம் காய்ச்சலில் பத்து நாள் படுத்தாள், அதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

சித்தூர் அண்ணன்:
நேற்று சதுர்த்தசி. ஏறிப் பார்த்தேன். போன ஒன்றே கால் கிலோவில் ஒரு கிலோ திரும்பிவிட்டது. ஆனால் கால் கிலோ வரவில்லை, கவனியுங்கள்.

வேலந்தாவளம் டீச்சர்:
கவனித்தேன் அண்ணா. பௌர்ணமி கழிந்தும் ஒருதடவை ஏறுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
சிப்ஸை நிறுத்துவது என் கையில். துவாதசி பாயசம் மாமியார் கையில். பேரன்களுக்குக் கொடுக்கலாம் என்றால் என் வீட்டில் சின்னவர்கள் யாரும் இல்லை, வைக்காமல் இருக்கவும் அவர் சம்மதிக்க மாட்டார். அரை டம்ளர் என்றால் எவ்வளவு கலோரி டீச்சர், பால் பாயசம், சர்க்கரை போட்டது?

புதுநகரம் பாய்:
அக்கா, எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், ஷஃபான் கடைசி வாரம் தவிர எப்போது வேண்டுமானாலும்.