டப்பாவோட முன்பக்கம் மட்டும் படிச்சேன்

காட்பாடிக்காரன்
போன மார்கழியில நடந்தது, இன்னும் மனசு ஆறல. அக்கா நியூஜெர்சியில இருந்து வந்தப்போ சளி மாத்திரை டப்பா ஒண்ணு வெச்சிட்டுப் போனா. எல்லார் வீட்லயும் பிரிட்ஜ் மேல அப்படி ஒண்ணு கிடக்குமே, அதுதான். அப்பாவுக்கு 71 வயசு. பிரஷர் இருக்கு, பிராஸ்டேட்டும் வீக்கம். மூக்கடைப்பு, நெஞ்சு நிறைய சளி. டப்பாவை எடுத்துக் குடுத்தது நான்தான். மாத்திரை பெருசா இருக்குன்னு அம்மா ரெண்டா உடைச்சு, ரெண்டு துண்டையும் குடுத்துட்டாங்க.

ராத்திரி ஒரு மணிக்கு பாத்ரூம்ல விளக்கு எரியுது. குழாயைத் திறந்துவிட்டு, சுவத்தப் புடிச்சிகினு அப்பா நிக்கிறாரு. "முட்டிகினு இருக்குடா, வர மாட்டேங்குது"ன்னாரு. அடிவயிறு கல்லாட்டம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய் டியூப் போட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல வந்துச்சு. டியூட்டி டாக்டரம்மா டப்பாவைத் திருப்பி ஒரு வரியில விரலை வெச்சாங்க. பிராஸ்டேட் வீக்கத்தால மூத்திரம் போக சிரமம் இருந்தா டாக்டரைக் கேக்காம சாப்பிடாதேன்னு போட்டிருந்தது. கொஞ்சம் கீழ, உடைக்காதேன்னும் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும்.

சத்துவாச்சாரி மருந்துக்கடை
தம்பி, பேருக்குப் பின்னாடி 'டி'ன்னு ஒத்தை எழுத்து இருந்துச்சா? இருந்தா அது பெரும்பாலும் சூடோஎஃபெட்ரின், மூக்கடைப்புக்கு. 'டிஎம்'னா டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், இருமலுக்கு. ஒரு எழுத்துல ஆளே மாறிடும். அதனால பேரை நம்பாதீங்க, பின்பக்கத்துல மருந்துப் பேருக்கு எதிர்ல அது எதுக்குன்னு போட்டிருப்பான், அதைப் பாருங்க.

உங்க வீட்டு மாத்திரை 12 மணி நேர வகையா இருக்கணும். அதுல பெரிய அளவுன்னா குவைஃபெனெசின் 1200 மில்லிகிராம், சூடோஎஃபெட்ரின் 120 வரும். குவைஃபெனெசின் சளியை இளக்கும், அது அப்பாவை ஒண்ணும் பண்ணல. சூடோஎஃபெட்ரின்தான் ஆளு. மூக்குக்குள்ள வீங்கின ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பை எடுக்கும், ஆனா மூக்கோட நிக்காது. பிரஷர் ஏறும், தூக்கம் போகும், மூத்திரப்பையோட வாயையும் இறுக்கிடும். சாதா மாத்திரையில ஒரு வேளைக்கு 60 தான். 120ஐ மெதுவா கரையத்தான் அப்படி செஞ்சிருக்கான், உடைச்சா அந்தக் கட்டு போயிடும். உடைக்காம குடுத்திருந்தாலும் அப்பாவுக்கு ஆகாத மருந்துதான், அம்மாவைத் திட்டாதீங்க.

ஆம்பூரான்
இதுக்குத்தான் பாரின் மாத்திரையே வேணாம்ன்றது. நம்மூர் சளி மாத்திரையில பெரும்பாலும் சூடோஎஃபெட்ரின் கிடையாது, குளோர்ஃபெனிரமின்தான். பிராஸ்டேட்காரங்க தைரியமா போடலாம். எங்க மாமா போடறாரு.

சத்துவாச்சாரி மருந்துக்கடை
முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி ஆபத்து. சூடோஎஃபெட்ரின் வாயை இறுக்கும்னா, குளோர்ஃபெனிரமின் மூத்திரப்பை பிழியிற பலத்தைக் குறைக்கும். வழி வேற, வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான். மாமாவுக்கு இதுவரைக்கும் ஆகல, அவ்ளோதான்.

குடியாத்தம் மீனா
எனக்கு டிஎம் சிரப்புல நடந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துகினு இருந்தேன். வறட்டு இருமல்னு சிரப் குடிச்சேன், ராத்திரி ரெண்டு வேளைய சேர்த்தே ஊத்திகினேன். கையெல்லாம் உதறல், புடவை நனையிற வேர்வை. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் மூளையில போய் இருமல் உந்துதலை அடக்குறது, அங்க என் மாத்திரையோட மோதியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. காய்ச்சலும் இருந்ததால அடிச்சுச் சொல்ல முடியலன்னாரு. ஆனா எல்லாரும் கேட்டுக்கோங்க, தூதுவளையை நெய்யில வதக்கி மிளகு தட்டிப்போட்டு ரசம் வெச்சா இந்த வம்பே இல்ல. கற்பூரவல்லி இலைய தணல்ல வாட்டிப் புழிஞ்சு தேன்ல குழைச்சுக் குடுங்க. தலைக்குக் குளிக்கக் கூடாது, ஃபேன் ஆகாது, தயிர் ஆகவே ஆகாது. எங்க மாமியார் 84 வயசு வரைக்கும்...

ராணிப்பேட்டை நர்ஸ்
மீனாக்கா, அவர் கேட்டது மூத்திரம் அடைச்சதைப் பத்தி. நான் சொல்ல வந்தது வேற. 'டிஎம்' மாத்திரையில சளியை இளக்க குவைஃபெனெசின் ஒண்ணு, இருமலை அடக்க ஒண்ணு, ரெண்டும் ஒரே மாத்திரையில எதுக்கு? இளகின சளி இருமினாதானே வெளிய வரும்! அதோட, குவைஃபெனெசின் செய்யிறதை சுடுதண்ணி செய்யாதா?

சத்துவாச்சாரி மருந்துக்கடை
சளி கட்டினவங்களுக்கு நான் அந்த ஜோடியைக் குடுக்க மாட்டேன். கம்பெனிக்காரன் கேட்டா, அடக்குறது முழுசா அடக்காது, தூங்க விடும், அவ்ளோதான்ம்பான். சுடுதண்ணி விஷயத்துல உங்களோட சண்டை போட என்கிட்ட பெருசா ஆதாரம் இல்ல. குவைஃபெனெசின் டப்பாவைக் குடுக்கும்போது நானும் தண்ணி நிறைய குடின்னுதான் சொல்றேன்.

காட்பாடிக்காரன்
இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். 'டி' தான். 1200, 120. நீங்க சொன்ன அதே கணக்கு. டப்பாவுல இன்னும் ஒம்பது இருக்கு. அக்காகிட்ட இன்னும் சொல்லல, தை பொங்கலுக்கு வரேன்னு இருக்கா, என்ன வாங்கியாரட்டும்னு வேற கேக்குறா.